‘தற்போதைக்கு’ என்ற ஒரு சொல்

“‘தற்போதைக்கு’ என்று போட்டால், கூடிய சீக்கிரம் மூடப்போகிறார்கள் என்றுதானே படிப்பார்கள்? அந்தச் சொல்லை எடுத்துவிடலாமா?” என்று கேட்டார் முதன்மை மேலாளர். “எடுத்துவிடுகிறேன், சார்” என்றேன். அரை நிமிடப் பேச்சு. ஒன்றரை ஆண்டாக அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

புதிய பஸ் நிலையத்துக்கு எதிரே எங்கள் வங்கி திறக்கவிருந்த கிளைக்கான செய்திக் குறிப்பு அது. கிளை திறப்பு என்றால் குறிப்பு எழுதுவது என் மேசைக்குத்தான் வரும். ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. முதல் பத்தியிலேயே எந்த ஊர், எந்த இடம், எந்த நாள், எத்தனை மணி, யார் திறந்துவைக்கிறார் என்பதெல்லாம் வந்துவிட வேண்டும். கதவு எண்ணைவிட ‘பஸ் நிலையம் எதிரில்’ என்பதுதான் ஊர்க்காரர்களுக்குப் பயன்படும். இடம் போதாவிட்டால் பத்திரிகையில் கீழிருந்து வெட்டுவார்கள். அதனால் வங்கியைப் பற்றிய பெருமைகளைக் கடைசிப் பத்திக்குத் தள்ளிவிடுவேன், வெட்டினாலும் நஷ்டமில்லை. குடியிருப்போர் சங்கம், வணிகர் சங்கம் போன்றவற்றின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு இதையே ஐந்து வரியாகச் சுருக்கி அனுப்ப வேண்டும். அதில் ‘நாளை’ என்று ஒருபோதும் எழுதமாட்டேன். ஒருவர் மாற்றி ஒருவர் அனுப்பும் செய்தியில் ‘நாளை’ ஒரு வாரம் கழித்தும் ‘நாளை’யாகவே இருக்கும். தேதியும் கிழமையும்தான் எழுதுவேன்.

குறிப்பை எழுதிக்கொண்டிருந்தபோதே அந்த ஊரின் பகுதிநேர நிருபர் போன் செய்தார். “கடைவீதிக் கிளை என்ன ஆகும் சார்? எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்” என்றார். நியாயமான கேள்வி. முப்பது ஆண்டுக்கு மேலாக அங்கே இருந்த கிளை அது. பெட்டகம் வைத்திருப்பவர்களும் ஓய்வூதியக்காரர்களும் நடந்தே வந்துபோகும் தூரம். புதிய கிளையோ இரண்டு கிலோமீட்டர் தள்ளி. அவருக்காகத்தான் அந்த வரியைச் சேர்த்தேன்: ‘கடைவீதிக் கிளை தற்போதைக்கு வழக்கம்போல் செயல்படும்.’ வெட்டுப்படக்கூடாது என்று இரண்டாவது பத்தியில் வைத்தேன். வாட்ஸ்அப் சுருக்கத்திலும் நான்காவது வரியாகப் போட்டேன்.

பிறகுதான் மேலாளரின் கேள்வி வந்தது. சொல் போனது. ‘கடைவீதிக் கிளை வழக்கம்போல் செயல்படும்’ என்று அச்சாகியது.

அன்று அது உண்மைதான். இதைப் பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கிளையை இணைக்கும் உத்தரவு எதுவும் அன்று இல்லை. ஆனால் அந்தக் கட்டடத்தின் குத்தகையைப் புதுப்பிக்க விருப்பமில்லை என்று உரிமையாளர் எழுதிய கடிதம் என் மேசை வழியாகத்தான் போனது. அதே தெருவில் வேறு கட்டடம் பார்ப்பதா, புதிய கிளையோடு சேர்த்துவிடுவதா என்று முடிவாகவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த அளவு தெரிந்ததால்தானே ‘தற்போதைக்கு’ என்ற சொல் என் கையிலிருந்து தானாக வந்தது?

மேலாளர் மீதும் குறை சொல்ல முடியாது. வங்கி விஷயத்தில் அரைகுறைச் செய்தி என்ன செய்யும் என்பதை அவர் என்னைவிட அதிகம் பார்த்தவர். கிளை மூடப்படுகிறது என்று ஒரு பேச்சு கிளம்பினால் அடுத்த நாள் காலை வாசலில் கூட்டம் நிற்கும். கையில் உத்தரவில்லாத ஒன்றைப் பத்திரிகையில் கோடிகாட்டுவது தவறு என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்த வரியையே எடுத்துவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை; ஒரு சொல்லை மட்டும்தான் எடுக்கச் சொன்னார். அந்தச் சொல் போன பிறகு மிச்சமிருந்தது தகவல் அல்ல, வாக்குறுதி. அதை உணர்ந்திருக்க வேண்டியவன் நான். குறிப்பு எழுதுவது என் தொழில்.

நான்கு மாதம் கழித்து இணைப்பு உத்தரவு வந்தது. அதன் பிறகு நடந்ததெல்லாம் முறைப்படிதான். பெட்டகங்களைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் இருக்கின்றன. கிளை மூடப்பட்டோ இடம் மாறியோ பெட்டகங்களை நகர்த்த நேர்ந்தால் இரண்டு பத்திரிகைகளில் பொது அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவற்றில் ஒன்று உள்ளூர் மொழி நாளிதழாக இருக்க வேண்டும். வாடிக்கையாளர்களுக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே தெரிவித்து, பெட்டகத்தை மாற்றிக்கொள்ளவோ திருப்பிக் கொடுக்கவோ வழிவிட வேண்டும். எல்லாம் செய்தோம். கடிதங்களும் போயின.

அந்த வாரத்தில் ஒருநாள் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் மண்டல அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கைப்பையிலிருந்து நான்காக மடித்த பத்திரிகைத் துண்டை எடுத்து என் மேசையில் விரித்தார். திறப்பு விழாப் படத்துக்குக் கீழே அந்த ஒற்றை வரியில் நீல மையால் அடிக்கோடு. மடிப்பு விழுந்த இடத்தில் ‘வழக்கம்போல்’ பாதி அழிந்திருந்தது.

“இதைப் படித்துவிட்டுத்தான் தம்பி, கடைவீதியில் பெட்டகம் எடுத்தேன். புதிய கிளையிலும் தருகிறோம் என்றார்கள். வேண்டாம், நடந்து போகும் தூரத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பஸ் ஏறி நகையோடு வர எனக்குப் பயம்.”

முன்பணமாகக் கட்டிய வாடகையில் மீதிக் காலத்துக்கானது திரும்பக் கிடைக்கும் என்றேன். புதிய கிளையில் முன்னுரிமை தருவோம் என்றேன். பொது அறிவிப்பு வந்ததே, பார்க்கவில்லையா என்று கேட்டேன். அதைக் கேட்டதற்கு இன்றும் வருந்துகிறேன். நாம் பணம் கட்டிப் போடும் அறிவிப்பு, கொடுத்தபடியே பொடி எழுத்தில், ஏல விளம்பரங்களுக்கு நடுவே வரும். செய்திக் குறிப்போ பத்திரிகையின் சொந்தச் செய்தியாகப் படத்தோடு வரும். எதை நறுக்கி வைத்துக்கொள்வார்கள்?

“இந்த வரியை யார் எழுதியது?” என்று கேட்டார். “அலுவலகத்திலிருந்து கொடுத்ததும்மா” என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, துண்டை அதே மடிப்புகளில் மடித்து எடுத்துக்கொண்டார்.

எழுதியிருக்க வேண்டிய வரி பிறகு தோன்றியது. ‘கடைவீதிக் கிளையில் மாற்றம் ஏதேனும் செய்வதானால் பெட்டக வாடிக்கையாளர்களுக்கு இரண்டு மாதம் முன்பே தெரிவிக்கப்படும்.’ மூடுகிறோம் என்றும் இதில் இல்லை, மூடமாட்டோம் என்றும் இல்லை. விதியில் உள்ளதுதான். மேலாளரும் மறுத்திருக்கமாட்டார் என்று சில நாள் தோன்றுகிறது. “மாற்றம் என்ற சொல் எதற்கு?” என்று கேட்டிருப்பார் என்று சில நாள் தோன்றுகிறது. ஒருவேளை அந்த அம்மாவே அதைப் படித்தும் கடைவீதியில்தான் பெட்டகம் எடுத்திருப்பார். அப்போதும் மாற வேண்டித்தான் வந்திருக்கும்.

சென்ற மாதம் வேறொரு ஊரில் கிளை திறப்பு. அங்கும் ஒரு பழைய கிளை உண்டு. அதைப் பற்றி என் மேசைக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. அந்த இரண்டு மாத வரியைத் தட்டச்சு செய்தேன். இரண்டு முறை படித்தேன். பிறகு வரியையே நீக்கிவிட்டுக் குறிப்பை அனுப்பினேன். மாலையில் அந்த ஊர் நிருபர் கூப்பிட்டார்.

“பழைய கிளையைப் பற்றி ஒன்றுமே இல்லையே சார்?”

“அதைப் பற்றி இப்போது சொல்வதற்கு ஒன்றுமில்லை” என்றேன்.

“அப்படியானால், வழக்கம்போல் செயல்படும் என்று நானே போட்டுக்கொள்ளட்டுமா?”

“வேண்டாம்” என்றேன். ஏன் என்று கேட்டார்.