பற்றாசுக் கழிவு

அம்மாவின்ர பழைய சங்கிலியை விக்கக் கஸ்தூரியார் வீதிக்குப் போனனான். வாங்கேக்க இரண்டு பவுண், அதாவது 16 கிராம். இப்ப தராசில 15.600. நாற்பது வருசம் கழுத்தில தேய்ஞ்சது, அதில கதைக்க ஒண்டுமில்லை.

கடைக்காரர் உரைகல்லில உரைச்சு, அமிலம் விட்டுப் பாத்து, "22 கரட்தான் தங்கச்சி, ஆனா பற்றாசு, அழுக்கு எண்டு நூற்றுக்கு எட்டுக் கழிப்பம்" எண்டார். 14.350க்குத்தான் காசு. அவர் சொன்னதிலயும் நியாயம் இருக்கு. உரைகல் மேல்பக்கத்தைத்தான் காட்டும், வளையங்களை ஒட்டின பற்றாசு அதில தெரியாது. ஆனா அந்த எட்டு வெறும் குத்துமதிப்புத்தானே?

"உருக்கிப் பாப்பமே அண்ணை" எண்டன். (உருக்கினாப் பிறகு நகை இல்லை, கட்டிதான். அம்மாட்டை முதலே கேட்டிட்டன்.) கண்ணுக்கு முன்னால உருக்கினார். கட்டி 15.480, மெசினில 87.5 வீதம். சுத்தத் தங்கம் 13.545 கிராம். 22 கரட் கணக்குக்கு, 91.67 வீதத்தால பிரிச்சா, 14.776.

பிறகும் அவர் கல்குலேட்டரை எடுத்து, "பற்றாசுக்கு மூண்டு வீதம்" எண்டு தொடங்கினார். பற்றாசும் அந்தக் கட்டிக்குள்ளதானே உருகிக் கிடக்கு, அதாலதானே 22 கரட் 21 ஆனது எண்டு கேட்டன். கொஞ்ச நேரம் என்னைப் பாத்தார். பிறகு சிரிச்சுக்கொண்டு அழிச்சுப்போட்டார்.

முதல் சொன்னதைவிட 426 மில்லிகிராம் கூட. செய்கூலி திரும்பி வராது, அது வாங்கின அண்டே போனது.