13 மதிப்பெண் கேள்வியில் நான் 5 வாங்கிய படம்

விஎல்எஸ்ஐ தேர்வில் டிரான்ஸ்மிஷன் கேட் ஃபிளிப்-ஃபிளாப்பை டிரான்சிஸ்டர் அளவில் வரைந்து விளக்கச் சொல்லி 13 மதிப்பெண்ணுக்குக் கேட்டிருந்தார்கள். படம் எனக்கு மனப்பாடம். நான்கு கேட், நான்கு இன்வெர்ட்டர், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஆனாலும் கிடைத்தது 5. விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தேன். இரண்டாவது கேட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம். உள்ளீட்டுக் கேட்டுக்குக் கொடுத்த அதே கிளாக்கையே பின்னூட்டக் கேட்டுக்கும் கொடுத்திருந்தேன்.

அந்த ஒரு பிழை என்ன செய்யும்? இரண்டும் ஒன்றாகக் கடத்தும்போது, புதிதாக வரும் D-யும் பழைய மதிப்பைப் பிடித்திருக்கும் இன்வெர்ட்டரும் ஒரே புள்ளிக்காக மல்லுக்கட்டும். இரண்டும் ஒன்றாக அடைபடும்போது அந்தப் புள்ளியை யாரும் பிடித்திருக்க மாட்டார்கள்; அதிலுள்ள மின்னூட்டம் கசிந்துவிடும். அதாவது, மதிப்பைச் சேமிக்க வேண்டிய வேளையில் வளையமே இல்லை.

இப்போது யாராவது கேட்டால், மாஸ்டர் பகுதியின் இரண்டு கேட்டுகளை முதலில் இப்படி எழுதச் சொல்கிறேன். CK என்பது கிளாக், CKB அதன் தலைகீழ். வரிசை டிரெய்ன், கேட், சோர்ஸ், பல்க்:

```
MN1 A CKB D 0   NM
MP1 A CK  D VDD PM
MN2 A CK  C 0   NM
MP2 A CKB C VDD PM
```

முதல் இரண்டு வரிகள் T1. D-யை A-க்கு விடுவது. அடுத்த இரண்டும் T2. A-யிலிருந்து இரண்டு இன்வெர்ட்டர்களைக் கடந்து B, C என்று வந்ததை மறுபடி A-யில் சேர்ப்பது. CK, CKB இடம் மாறியிருப்பதைப் பாருங்கள். ஸ்லேவிலும் இதே கதைதான், கட்டம் மட்டும் தலைகீழ்: T3 (B-யிலிருந்து E-க்கு) CK=1 ஆகும்போதும், பின்னூட்டமான T4 CK=0 ஆகும்போதும் கடத்தும். விளக்கத்தில் ‘திறந்தது, மூடியது’ என்று எழுதாதீர்கள். ‘கேட் திறந்தது’ என்றால் ஒருவர் கடத்துகிறது என்பார், ‘சுவிட்ச் திறந்தது’ என்றால் அதற்கு நேர் எதிர். ‘கடத்தும், கடத்தாது’ என்றால் திருத்துபவருக்கும் குழப்பமில்லை.

D=1, Q=0 என்று வைத்து ஒருமுறை நடத்திப் பார்ப்போம். CK=0. T1 கடத்துகிறது: A=1, B=0, C=1. T2 கடத்தாததால் மாஸ்டரின் வளையம் அறுந்திருக்கிறது. D மாறினால் A-யும் கூடவே மாறும். T3 அடைபட்டு T4 கடத்துவதால், ஸ்லேவ் தன் வளையத்தில் பழைய Q=0 என்பதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. CK 1-க்கு ஏறுகிறது. T1 அறுகிறது, T2 வளையத்தை இணைக்கிறது, A=1 பூட்டப்படுகிறது. அதே நேரம் T3 வழியே B-யின் 0 E-க்கு வர, இன்வெர்ட்டரைக் கடந்து Q=1 ஆகிறது. இனி D எப்படி ஆடினாலும் A-க்குத் தெரியாது.

செட்-அப் நேரம் எங்கிருந்து வருகிறது என்பதும் இந்தப் படத்திலேயே இருக்கிறது. கணக்குக்காக ஒரு கேட்டுக்கு 15 பைக்கோ வினாடி, ஓர் இன்வெர்ட்டருக்கு 20 என்று கொள்வோம். கிளாக் ஏறுமுன் D-யின் மதிப்பு A-யை மட்டும் எட்டினால் போதாது, C வரை போயிருக்க வேண்டும்: 15+20+20=55. பலர் A-யோடு நிறுத்தி 15 என்று எழுதிவிடுகிறார்கள். கிளாக் ஏற 30 பைக்கோ வினாடி இருக்கும்போது D மாறினால், A புதிய மதிப்பில் இருக்கும், C பழையதில் இருக்கும். அந்த நொடியில் T2 இரண்டையும் இணைக்கிறது. எது வெல்லும் என்று சொல்ல முடியாது. A சற்று நேரம் நடுவிலேயே தொங்கவும் கூடும். கிளாக்கிலிருந்து Q வரையிலான தாமதமோ T3-உம் ஓர் இன்வெர்ட்டரும் மட்டுமே: 35.

வைவாவில் விரும்பிக் கேட்பது கிளாக் மேற்பொருந்தல். CKB-யை CK-இலிருந்து ஓர் இன்வெர்ட்டர்தான் உருவாக்குகிறது. ஆகவே CK ஏறிய பின்னும் CKB சிறிது நேரம் 1-லேயே இருக்கும். அப்போது T1, T3 இரண்டின் என்மாஸ்களும் ஒன்றாகக் கடத்தும், D-யிலிருந்து E வரை நேர்வழி கிடைத்துவிடும். அந்த வழிக்கு 15+20+15=50 ஆவதால், 20 பைக்கோ வினாடி மேற்பொருந்தலில் பெரும்பாலும் ஒன்றும் நேராது. சிமுலேஷனில் CKB-யை வேண்டுமென்றே 80 தாமதித்துப் பார்த்தேன். கிளாக் ஏறிய பிறகு மாறிய D, அதே ஏற்றத்திலேயே Q-வில் வந்து நின்றது. இந்தத் தொல்லைக்காகத்தான் நூலக செல்கள் பலவற்றில் CK, CKB இரண்டையும் செல்லுக்குள்ளேயே இரு இன்வெர்ட்டர்களால் உருவாக்குகிறார்கள். நெடுங்கம்பி ஒன்றில் CKB தாமதித்து வந்து சேர்வதற்கு அங்கே இடமில்லை.