மூன்று கடை, ஒரு பில் இலக்கம்: நான் பட்ட பாடு

யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கட்டடப் பொருள் கடையில் கணக்குப் பார்க்கிறேன். சுன்னாகத்திலும் நெல்லியடியிலும் கிளைகள். இரண்டு வருடத்துக்கு முன் பில் இலக்கத்துக்கு நான் போட்ட திட்டத்தால் பட்டது கொஞ்சமில்லை.

அப்போது எனக்கு அது பெரிய கெட்டித்தனமாகத் தெரிந்தது. டவுனுக்கு 1 முதல் 5000, சுன்னாகத்துக்கு 5001 முதல் 10000, நெல்லியடிக்கு 10001 முதல் 15000. ஒவ்வொரு ஏப்ரல் முதலாம் திகதியும் திரும்ப அதே இடத்திலிருந்து. முதலாளிக்கும் பிடித்துவிட்டது. "புதுக்கணக்கு எண்டால் ஒண்டில இருந்துதானே தம்பி" என்றார்.

மாசியிலேயே டவுனில் 5000 முடிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் 15001க்குத் தாவினோம். பங்குனி முடிய சுன்னாகம் 8214இல் நின்றது, நெல்லியடி 11630இல். நடுவில் 5156 இலக்கங்கள் யாருக்கும் எழுதப்படாமல் கிடந்தன.

வற் விசாரணைக்குக் கூப்பிட்டபோது நாலு பைல் கட்டை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அந்த அலுவலர் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி. "சுன்னாகத்தில கடைசி பில் 8214 எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? 8215 எழுதிப்போட்டுக் கிழிக்கேல்லை எண்டதுக்கு என்ன சாட்சி?" பதில் இல்லை. பைல்களோடு திரும்பி வந்தேன். கோபம் வந்தது உண்மை, ஆனால் கேள்வி சரியான கேள்வி. நடுவில் ஒரு பில் காணாமல் போனால் இடைவெளி காட்டிக்கொடுக்கும். வரிசையின் வாலில் பத்துப் பில் காணாமல் போனால் எதுவும் காட்டாது. வருடா வருடம் ஒன்றிலிருந்து தொடங்கும்போது, கிளைக்கு ஒன்றாக அப்படியொரு வாலை நாங்களே வெட்டி வைக்கிறோம்.

அடுத்த அடி ஒரு ஒப்பந்தகாரரிடமிருந்து. எங்களிடம் இரண்டு வருடமும் சீமெந்து எடுத்தவர். இரண்டு வருடத்திலும் அவருக்கு 312 என்றே ஒரு பில் போயிருந்தது. அவருடைய கணக்குப்பிள்ளை இரட்டைப் பதிவு என்று நினைத்து ஒன்றை வெட்டிவிட்டார். அந்தப் பில்லில் கட்டிய வற்றை அவரால் கழிக்க முடியவில்லை. கடைக்கு வந்து வாசலில் நின்று பேசியதை இங்கே எழுத முடியாது.

மூன்று கடைக்கும் ஒரே தொடர் ஓடவிடலாமா என்றும் பார்த்தோம். நெற் அறுந்தால் நெல்லியடியில் பில் போட முடியாது, அல்லது முன்கூட்டியே இலக்கம் பிரித்துக் கொடுக்க வேண்டும். பிரித்துக் கொடுத்தால் பழைய கதைதான். கடைசியில் கிளைக்கு ஒரு தொடர், முன்னால் கிளையின் எழுத்து, ஆறு இலக்கம், வருடம் மாறினாலும் நிறுத்தாமல் ஓடுவது என்று முடிவெடுத்தோம்:

```
JT-000001
CH-000001
NE-000001
```

இலக்கத்துக்குள் வருடம் வேண்டாம். திகதி பில்லிலேயே இருக்கிறது. இனிப் பங்குனி 31இன் கடைசிப் பில்லுக்கு ஏப்ரலின் முதல் பில்தான் சாட்சி. முன்னால் சைபர் போட்டது, கொம்பியூட்டர் 10ஐ 2க்கு முன்னால் அடுக்காமல் இருக்க. சாய்கோடு போட்டுப் பார்த்தோம், அந்தப் பெயரில் விண்டோசில் பைல் சேமிக்க விடாது. மாறிய அன்று ஒவ்வொரு கிளையின் பழைய கடைசி இலக்கத்தையும் புதிய முதல் இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி, முதலாளியின் கையொப்பத்தோடு பைலில் போட்டுவைத்தேன். இதை மறக்காதீர்கள்.

அப்படியும் முதல் கிழமையே சுன்னாகத்தில் ஏழு இலக்கம் இல்லை! புதுப் பில் திரையைத் திறந்தவுடனேயே மென்பொருள் இலக்கத்தை எடுத்துவிடுகிறது. விலை மட்டும் கேட்டுவிட்டுப் போன ஆட்களுக்கெல்லாம் ஒவ்வொரு இலக்கம் போயிருக்கிறது. மென்பொருள் செய்த தம்பியிடம் சொல்லி, பில்லை உறுதிப்படுத்தும்போது மட்டும் இலக்கம் விழும்படி மாற்றினோம். விலைக் கூற்றுக்குத் தனித் தொடர். பிழையான பில்லை அழிக்கும் பொத்தானையும் எடுக்கச் சொன்னேன். 'ரத்து' என்று குறித்து எல்லாப் பிரதியும் பைலில் இருக்கும், இலக்கம் வரிசையில் நிற்கும்.

கரண்ட் இல்லாத நேரத்துக்கு இலக்கம் அச்சடித்த கைப்பில் புத்தகம், சுன்னாகத்துக்கு CHM என்பதுபோல் கிளைக்குக் கிளை வேறு எழுத்தில். கரண்ட் வந்த பிறகு அதே இலக்கத்தோடு பதிய வேண்டும். நெல்லியடிப் பிள்ளை ஒருமுறை புது இலக்கம் போட்டுப் பதிந்து, ஒரே விற்பனை கைப்பில்லாகவும் கொம்பியூட்டர் பில்லாகவும் இரண்டு தரம் கணக்கில் ஏறிவிட்டது.

இப்போது மாத முடிவில் தொடர்வாரியாக எக்செலில் எழுத்தையும் கோட்டையும் நீக்கி, இலக்கத்தை B நிரலில் வரிசைப்படுத்தி, பக்கத்து நிரலில் இதை இழுத்துவிடுவேன்:

```
=B3-B2
```

1 தவிர வேறு எது வந்தாலும் அன்றே கிளைக்குப் போன். 0 வந்தால் இரட்டை, 2 வந்தால் ஒன்று இல்லை.

முதலாளிக்கு இன்னும் மனக்குறைதான். இந்தச் சித்திரைப் புதுவருடத்தில் நல்ல நேரம் பார்த்து முதல் பில்லுக்கு மஞ்சள் தடவ வந்தவர், JT-006207 என்று இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேனையை எடுத்து அதன் மேலே ஒரு பிள்ளையார் சுழி போட்டார்.