பதினான்கு வேலை நாட்களை எண்ணிய கதை

எங்கள் தோட்டத்து வீதி வேலை ஏன் பாதியில் நின்றது என்று கேட்டு, 2025 ஜனவரி 20ஆம் திகதி திங்கட்கிழமை ஓர் அலுவலகத்தில் தகவல் கோரிக்கை கொடுத்தேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டப்படி, 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யலாம். அந்தக் கடைசி நாளைத் தவறின்றி அறிய எக்செலைத் திறந்தேன்.

ஹட்டனில் கடை வைத்திருக்கும் நண்பரின் கணினி அது. A2 கட்டத்தில் Ctrl+; அழுத்தி அன்றைய திகதியை இட்டேன். விடுமுறைகளாக D2, D3 கட்டங்களில் 04/02/2025, 12/02/2025 என்று தட்டினேன். முதலாவது சுதந்திர தினம், அடுத்தது நவம் போயா. போயா ஆண்டுதோறும் இடம் மாறுவதால் எக்செலுக்கு அது தானாகத் தெரியாது. நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

```
=WORKDAY(A2,14,D2:D3)
```

விடை பெப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. திங்களன்றே மேன்முறையீட்டோடு பஸ் ஏறத் தயாரானேன். அக்கா மட்டும் சுவர்க் கலண்டரில் விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, "தம்பி, பத்தாம் திகதி வரை அவர்களுக்கு நேரம் இருக்கிறதே" என்றார்.

அக்கா எண்ணியதுதான் சரி. ஜனவரி 21 முதல் 31 வரை 9 வேலை நாட்கள். பெப்ரவரி 3 பத்தாவது. 4 விடுமுறை. 5, 6, 7 கழிந்தால் 13. பதினான்காவது நாள் 10ஆம் திகதி திங்கள். எக்செல் சுதந்திர தினத்தைக் கழிக்கவே இல்லை.

பிழைச் செய்தி எதுவும் வராததால் காரணத்தைத் தேட நேரம் பிடித்தது. வேறொரு கட்டத்தில் இதை எழுதியபோதுதான் பிடிபட்டது:

```
=TEXT(D2,"mmmm")
```

April என்று வந்தது. அந்தக் கணினி அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் படிக்கிறது. நான் எழுதிய பெப்ரவரி 4, அதற்கு ஏப்ரல் 2. பார்வைக்கு 4/2/2025 என்றே நிற்பதால் கண் ஏமாந்துவிடுகிறது. 14/01/2025 என்று தைப்பொங்கலைத் தட்டியிருந்தால், பதினான்காம் மாதம் இல்லாததால் அது வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றிருக்கும். அப்போதே சந்தேகம் வந்திருக்கும். 12ஆம் திகதி வரையான நாட்கள்தான் சத்தமில்லாமல் மாறிவிடுகின்றன.

இரண்டு விடுமுறைகளையும் இப்படி மாற்றி எழுதினேன்:

```
=DATE(2025,2,4)
=DATE(2025,2,12)
```

விடை உடனே பெப்ரவரி 10 ஆனது. ஒரு முறை சரிபார்க்க, முடிவு நாளை B2 கட்டத்தில் வைத்து NETWORKDAYS(A2,B2,D2:D3) போட்டேன். 15 என்று வந்தது. அது தொடக்க நாளையும் சேர்த்தே எண்ணும், WORKDAY மறுநாளிலிருந்து எண்ணும். இது தெரியாவிட்டால் சரியான விடையையும் பிழையென்று நினைக்க நேரும்.

சனிக்கிழமையும் வேலை நடக்கும் தோட்டக் கணக்குக்கு NETWORKDAYS.INTL வேண்டும். அதில் மூன்றாவது இடத்தில் 11 என்று கொடுத்தால் ஞாயிறு மட்டும் கழியும். விடுமுறைப் பட்டியல் நான்காவது இடத்துக்குப் போகும்.

10ஆம் திகதி வரை பதில் இல்லை. 11ஆம் திகதி காலை மேன்முறையீட்டைக் கொடுத்தேன்.