தலைமுடிச் சாயப் பெட்டிக்கு இத்தாலிய லேபிள்: 2,000 அட்டை வீணான கதை

பலேர்மோவில் எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் கடை வைத்திருக்கிறார். தமிழ்நாட்டில் ஒரு சிறிய நிறுவனம் தயாரிக்கும் கறுப்புத் தலைமுடிச் சாயத்தை இறக்குமதி செய்து விற்கப் போவதாகச் சொன்னார். ஒரு பெட்டிக்குள் சாயக் கிரீம் ஒரு டியூப், அதில் கலக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீம் ஒரு டியூப், கையுறை, துண்டுத்தாள். "தம்பி, ஒரு பக்கம் தானே, ரெண்டு நாளில் இத்தாலியனில் மாத்தித் தாங்கோ" என்றார். நான் மருத்துவமனைகளிலும் நகராட்சி அலுவலகங்களிலும் மொழிபெயர்த்துப் பழகியவன். சரி என்று ஒப்புக்கொண்டேன். வேலை முடிய ஏழு வாரம் ஆனது.

ஆங்கிலப் பெட்டியில் இருந்த சேர்மானப் பட்டியலை முதல் நாளே முழுக்க இத்தாலிய மொழியில் எழுதிவிட்டேன். தண்ணீருக்கு அக்குவா, வாசனைக்கு ப்ரோஃபூமோ, மினரல் ஆயிலுக்கு ஓலியோ மினெராலே. அண்ணை அவசரப்பட்டு அதை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பி 2,000 அட்டைப்பெட்டி அடித்துவிட்டார். அதன் பிறகுதான் பாதுகாப்பு மதிப்பீடு செய்யும் அம்மையாரைப் பார்க்க, பெட்டியோடு கத்தானியாவுக்குப் பேருந்து ஏறினோம். அவர் பெட்டியைத் திருப்பி, சேர்மானப் பட்டியல் முழுவதையும் பென்சிலால் ஒரே கோடாக அடித்தார். "இதை மொழிபெயர்க்கவே கூடாது" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகப் போக இருநூறு கிலோமீட்டர், வர இருநூறு கிலோமீட்டர். திரும்பும் வழியில் அண்ணை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனப் பொருளின் சேர்மானங்களை ஐ.என்.சி.ஐ. என்ற பொதுப் பெயர்களில்தான் போட வேண்டும். ரோமில் விற்றாலும் ஹெல்சிங்கியில் விற்றாலும் அதே பெயர். ஒவ்வாமை உள்ள ஒருவர் எந்த நாட்டில் வாங்கினாலும் தனக்கு ஆகாத பொருளை அடையாளம் காண வேண்டும் என்பதே காரணம். எனவே தண்ணீர் என்பது லத்தீன் அக்வா. இத்தாலி அக்குவா இல்லை. வாசனை பர்ஃபம், மினரல் ஆயில் பாரஃபினம் லிக்விடம், தேன்மெழுகு செரா ஆல்பா. மூலிகைகளுக்குத் தாவரவியல் பெயர்: மருதாணி என்றால் லாசோனியா இனெர்மிஸ். ஐரோப்பிய ஆணையத்தின் CosIng தரவுத்தளத்தில் ஒவ்வொன்றாகத் தேடிச் சரிபார்க்கலாம், இலவசம்தான். ஆங்கிலப் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்க வழக்கில் அச்சடித்த பெட்டியில் தண்ணீரும் வாசனையும் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

அடுத்த இழுபறி வரிசையில். தயாரிப்பாளர் நெல்லிக்காயையும் கரிசலாங்கண்ணியையும் பட்டியலின் முதலில் போட்டிருந்தார். எடை அதிகமானது முதலில், குறைந்தது பிறகு என்று வர வேண்டும். ஒரு சதவீதத்துக்கும் குறைவானவற்றை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் போடலாம். அளவு தெரியாமல் இதைச் சரிசெய்ய முடியாது. சதவீதத்தோடு சூத்திரம் கேட்டால் "அது எங்கள் ரகசியம்" என்று பதில். எனக்கு வேண்டாம், மதிப்பீட்டாளருக்கு நேரடியாக அனுப்புங்கள் என்று மூன்று முறை எழுதிய பிறகே வந்தது. நெல்லிக்காய்ச் சாறு 0.2 சதவீதம். அது பட்டியலின் வாலுக்குப் போனது. இரண்டு டியூப்புக்கும் இரண்டு தனிப் பட்டியல் வேண்டும் என்பதையும் அப்போதுதான் கவனித்தோம்.

எச்சரிக்கை வாசகங்களில்தான் எனக்கு உண்மையான அடி. இவை கட்டாயம் இத்தாலிய மொழியில் இருக்க வேண்டும், ஆனால் நாமாக எழுதும் இத்தாலியனில் இல்லை. 2009ஆம் ஆண்டின் 1223ஆம் எண் ஒழுங்குமுறையின் மூன்றாம் இணைப்பில், ஒவ்வொரு பொருளுக்கும் எதை அச்சடிக்க வேண்டும் என்பது வார்த்தைக்கு வார்த்தை எழுதப்பட்டிருக்கிறது, அதிகாரபூர்வ இத்தாலியப் பிரதியிலும். நான் அதைப் பார்க்காமலே நல்ல இத்தாலியனில் எழுதியிருந்தேன். பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்தப் பொருள் இல்லை என்ற வரியை, 'குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்' என்று எழுதிவிட்டேன். அது வேறு எச்சரிக்கை. பதினைந்து வயதுப் பெண் தன் முடிக்குச் சாயம் போடுவதை அது தடுக்காது.

இன்னொன்று அதைவிட மோசம். கறுப்பு மருதாணியால் உடலில் போடும் தற்காலிகப் பச்சைகுத்தல் ஒவ்வாமை அபாயத்தைக் கூட்டக்கூடும் என்பது கட்டாய வரி. நான் 'கறுப்பு' என்ற சொல்லை விட்டுவிட்டு வெறும் மருதாணி என்று எழுதியிருந்தேன். இலையை அரைத்து வைக்கும் மருதாணி கறுப்பாகப் பிடிக்காது. கடற்கரைகளில் பயணிகளுக்குப் போட்டுவிடும் கறுப்பு மருதாணிப் பச்சைகுத்தலில் பெரும்பாலும் பாரா ஃபெனிலின் டையமின் கலந்திருக்கும். இந்தச் சாயத்திலும் அதே பொருள்தான். ஒருமுறை அதனால் உடலுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு தலையில் சாயம் போடும்போது முகம் வீங்கலாம். 'கறுப்பு' போனால் எச்சரிக்கையின் உயிரே போய்விடுகிறது, அதுவும் முன்பக்கத்தில் மருதாணிப் படம் போட்ட பெட்டியில். மதிப்பீட்டாளர் அந்தச் சொல்லை வட்டமிட்டபோது எனக்கு வியர்த்துவிட்டது.

ஹைட்ரஜன் பெராக்சைடை வீட்டில் எல்லோரும் சொல்வது போல அக்குவா ஓசிஜெனாத்தா என்று எழுதியதும் தவறு. பெரோசிதோ தி இத்ரோஜெனோ என்றுதான் வர வேண்டும். என்னைக் குழப்பியது இதுதான்: ஒரே பொருள் ஒரே பெட்டியில் இரண்டு பெயரில் வருகிறது. பாரா ஃபெனிலின் டையமினுக்குச் சேர்மானப் பட்டியலில் ஐ.என்.சி.ஐ. பெயர், எச்சரிக்கையில் 'ஃபெனிலின் டையமின் அடங்கியது' என்பதற்கு 'கோந்தியேனே ஃபெனிலென்தியம்மினே' என்று இத்தாலிப் பெயர். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை 'ஒரே மாதிரி' ஆக்கிவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியச் சட்டங்கள் இருக்கும் EUR-Lex தளத்தில், இந்த ஒழுங்குமுறையின் திருத்தங்கள் சேர்த்து ஒருங்கிணைத்த சமீபத்திய பிரதியை எடுங்கள். ஆங்கிலத்தையும் இத்தாலியையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, உங்கள் பொருளுக்கான வரியைத் தேடி, அப்படியே நகலெடுங்கள். நாம் மொழிபெயர்க்க மிஞ்சுவது பயன்படுத்தும் முறை, கலக்கும் விதம், எத்தனை நிமிடம் வைப்பது என்பவைதான். வாசனைப் பொருளில் உள்ள ஒவ்வாமைக் காரணிகளின் தாளையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். அலசிக் கழுவும் பொருளில் 0.01 சதவீதத்தைத் தாண்டினால் லினலூல், லிமொனீன் போன்றவற்றைப் பெயர் சொல்லிப் போட வேண்டும். எங்களுக்கு அந்தத் தாள் ஐந்தாம் வாரம் வந்தது.

இரண்டாவது முறை எல்லாம் சரியாக இருந்தது, மதிப்பீட்டாளர் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. கடைசி மெய்ப்பைப் பார்த்த அன்று, ஏதோ தோன்றி ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துப் படித்தேன். இரண்டு பட்டியலிலும் முதல் சொல்லில் ஒரு 'சி' கூடியிருந்தது. வடிவமைப்பாளரின் கணினியில் இருந்த இத்தாலிய எழுத்துப்பிழை திருத்தி, லத்தீன் அக்வாவை அக்குவா ஆக்கியிருக்கிறது. அச்சுக்குப் போக இரண்டு மணி நேரம் இருக்கும்போது பிடித்தேன். சேர்மானப் பட்டியல் உள்ள பகுதிக்கு மட்டும் மொழித் திருத்தத்தை அணைக்கச் சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். அன்று மாலை அண்ணை தேநீர் போட்டுக் கொடுத்து, "அடுத்தது ஷாம்பு, தம்பி" என்றார். முதலில் சூத்திரம் வரட்டும் என்றேன்.