மூன்று எண்ணில் நாலு கணக்கு: முக்கோணத் தாளைச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

மாலையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கூட்டலும் கொஞ்சம் கழித்தலும் பழகியதும் நான் கொடுப்பது முக்கோணத் தாள். உச்சியில் ஓர் எண், கீழ் மூலைகளில் இரண்டு எண்கள், பக்கத்தில் நாலு வெற்று வரிகள். உச்சியில் 8, கீழே 3, 5 என்றால் பிள்ளை எழுத வேண்டியது இது:

3 + 5 = 8
5 + 3 = 8
8 − 3 = 5
8 − 5 = 3

தாளை எடுத்த எடுப்பில் நீட்டாதீர்கள். முதலில் எட்டுப் புளியங்கொட்டைகளை மூன்றாகவும் ஐந்தாகவும் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். எந்தக் குவியலில் தொடங்கி எண்ணினாலும் எட்டுதான் வரும். அப்புறம் ஐந்து இருக்கும் குவியலை உள்ளங்கையால் மூடிவிட்டு, "மொத்தம் எட்டு, மூணு வெளியே தெரியுது, கைக்குள்ளே எத்தனை?" என்று கேளுங்கள். "அஞ்சு" என்று பதில் வந்ததும் 8 − 3 = 5 என்று எழுத வையுங்கள். மற்ற குவியலை மூடினால் நாலாவது வரி கிடைக்கும். நாலு வரியும் அதே எட்டுக் கொட்டைகளைப் பற்றியவை என்று பிள்ளைக்கு இங்கேதான் பிடிபடும்.

அடிக்கடி வரும் தவறு 3 − 8 = 5. கூட்டலில் எண்களை இடம் மாற்றலாம் என்று பார்த்த பிள்ளை, கழித்தலிலும் மாற்றிவிடுகிறது. அந்த வரியை அடித்துத் திருத்துவதைவிட, மூன்று கொட்டைகளைக் கையில் கொடுத்து "இதிலிருந்து எட்டு எடுத்துக் கொடு" என்று கேட்பது நல்லது. எடுக்க முடியாமல் தானே நிற்கும். பிறகு மொத்தத்தைக் காட்டும் எண்ணைச் சுற்றி வட்டம் போட வைக்கிறேன். கூட்டல் அந்த எண்ணில் முடியும், கழித்தல் அதில் தொடங்கும். சில தாள்களில் முக்கோணம் தலைகீழாக இருக்கும். இடத்தை மட்டும் நம்பிய பிள்ளை அங்கே தடுமாறும், வட்டம் போட்டுப் பழகிய பிள்ளை தடுமாறாது.

நாலு வரியும் சரியாக இருப்பதால் மட்டும் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. முதல் முக்கோணத்தைப் பார்த்து அதே வரிசையில் எண்களைப் போட்டுக்கொண்டே போகலாம். அதனால் 13, 9, 4 உள்ள முக்கோணத்தில் 4-ஐக் கட்டைவிரலால் மறைத்துக் கேட்பேன். "ஒன்பதுக்கு மேலே பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று... நாலு!" என்று ஏறி எண்ணினால், கழித்தலுக்குள் கூட்டலைப் பார்க்கிறது என்று அர்த்தம். பதிமூன்றிலிருந்து ஒவ்வொரு விரலாக மடக்கி ஒன்பது முறை இறங்கினால், விடை சரியாக வந்தாலும் இரண்டும் இன்னும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. அந்தப் பிள்ளையோடு மறுபடி புளியங்கொட்டைக்குப் போவேன்.

8, 4, 4 வரும்போது "மிஸ், அதையே திரும்ப எழுதணுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். 4 + 4 = 8, 8 − 4 = 4 என்ற இரண்டே வரி போதும், தாளில் நாலு கோடு இருந்தாலும் மீதி இரண்டைக் காலியாகவே விடச் சொல்லுங்கள்.