ஒரே பீமை மாற்றி மாற்றி வரைவது: எஸ்.எஃப்.டி, பி.எம்.டி பயிற்சி இதுவரை

ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பருக்கான பயிற்சியில், தினமும் புதுப்புது கணக்காகத் தேடிப் போடுவதை நிறுத்திவிட்டு, ஒரே பீமை எடுத்துக்கொண்டு அதன் லோடை மட்டும் மாற்றி மாற்றி, ஷியர் ஃபோர்ஸ் படமான எஸ்.எஃப்.டி-யையும் பெண்டிங் மொமெண்ட் படமான பி.எம்.டி-யையும் வரைந்து வருகிறேன். பலன் நன்றாகவே தெரிகிறது, அதனால் எப்படிச் செய்கிறேன் என்று எழுதி வைக்கிறேன்.

பீம் இதுதான். A, B என்று இரண்டு சப்போர்ட், நடுவில் 6 மீட்டர். B-யைத் தாண்டி C வரை 2 மீட்டர் ஓவர்ஹேங். AB முழுக்க மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் என்று சீராகப் பரவிய லோடு, அதாவது யூ.டி.எல், C-யில் 15 கிலோநியூட்டன் பாயிண்ட் லோடு. A, B சப்போர்ட்களின் ரியாக்ஷனை RA, RB என்று வைத்து, A-யைச் சுற்றி மொமெண்ட் எடுத்தால் 6 × RB = 60 × 3 + 15 × 8 = 300, ஆக RB 50, RA 25. கால்குலேட்டர் வேலை இவ்வளவுதான்.

அடுத்து எண் எதுவும் போடாமல், பென்சிலில் இரண்டு படத்தின் வடிவத்தை மட்டும் வரைகிறேன். பீமுக்கு நேர் கீழே எஸ்.எஃப்.டி, அதற்கு நேர் கீழே பி.எம்.டி, சப்போர்ட்களிலிருந்து புள்ளிக்கோடு இறக்கி. யூ.டி.எல் இருக்கும் இடத்தில் ஷியர் சாய்கோடு, மொமெண்ட் வளைகோடு. லோடே இல்லாத BC-யில் ஷியர் படுக்கைக்கோடு, மொமெண்ட் சாய்ந்த நேர்கோடு. வளைகோடு எந்தப் பக்கம் வளையும் என்று குழப்பம் வந்தால் ஷியரைப் பார்த்தால் போதும், ஏனென்றால் ஓர் இடத்தின் ஷியர் மதிப்புதான் அங்கே பி.எம்.டி-யின் சரிவு. A-யில் 25 என்றால் நல்ல சரிவோடு ஏறத் தொடங்கும், ஷியர் குறையக் குறைய தட்டையாகும், பூஜ்யத்தைத் தாண்டியதும் இறங்கும். B-க்கு இடப்பக்கம் சரிவு −35, வலப்பக்கம் +15, ஆகவே அங்கே ஒரு கூர்முனை வந்தே ஆக வேண்டும். B-யில் பி.எம்.டி வழவழப்பாகத் திரும்பியிருந்தால் படம் தப்பு.

அப்புறம்தான் எண்கள், அதுவும் ஷியர் படத்தின் பரப்பளவை வைத்தே. 25-லிருந்து மீட்டருக்கு 10 வீதம் குறைவதால் 2.5 மீட்டரில் ஷியர் பூஜ்யம். அதுவரை உள்ள முக்கோணம் ½ × 2.5 × 25 = 31.25, அதுதான் பீமைக் கீழ்நோக்கித் தொய்ய வைக்கும் சாகிங் மொமெண்டின் அதிகபட்சம். மீதி 3.5 மீட்டரின் முக்கோணம் ½ × 3.5 × 35 = 61.25, கழித்தால் B-யில் −30. BC செவ்வகம் 15 × 2 = 30, கூட்டினால் C-யில் பூஜ்யம். கடைசியில் பூஜ்யத்தில் வந்து மூடினால் சரி. கூடவே C-யிலிருந்து நேராக B-க்கு 15 × 2 போட்டுப் பார்க்கிறேன், அதுவும் 30, பீமை மேல்நோக்கி வளைக்கும் ஹாகிங். மொமெண்ட் பூஜ்யமாகிக் குறி மாறும் கான்ட்ராஃப்ளெக்ஷர் புள்ளிக்கு இருபடிச் சமன்பாடே வேண்டாம்: பூஜ்ய ஷியருக்கு இடப்பக்கம் உள்ள முக்கோணம் வலப்பக்கமும் அதே அளவு வேண்டும், ஆக 5 மீட்டர். இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஆனால் AB முழுக்க ஒரே யூ.டி.எல், A-யில் மொமெண்ட் பூஜ்யம், இரண்டும் இருந்தால்தான் செல்லும்.

இனிதான் உண்மையான பயிற்சி. C-யின் லோடை 30 ஆக்கினால் என்ன ஆகும் என்று முதலில் யூகித்து எழுதுகிறேன். முனை லோடு கூடினால் A கொஞ்சம் தூக்கப்படும், RA குறையும், பூஜ்ய ஷியர் இடப்பக்கம் நகரும், சாகிங் சுருங்கி ஹாகிங் பெருகும். கணக்குப் போட்டால் RA 20, RB 70, பூஜ்ய ஷியர் 2 மீட்டரில், சாகிங் 20, B-யில் −60, கான்ட்ராஃப்ளெக்ஷர் 4 மீட்டரில். லோடை 90 வரை கொண்டுபோனால் RA பூஜ்யமாகி சாகிங்கே காணாமல் போகிறது. அதையும் தாண்டினால் A-யில் பீமைக் கீழே பிடித்து வைக்க வேண்டியிருக்கும், வெறுமனே மேல் உட்கார்ந்திருக்கும் சப்போர்ட் போதாது. இப்போது இந்த வகைப் பீமைப் பார்த்தவுடனே ஹாகிங் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று ஓரளவு சொல்ல முடிகிறது.

இந்த வாரம், பீமைத் தள்ளாமல் திருப்ப மட்டும் செய்யும் கப்பிளில் நிற்கிறேன். C லோடை எடுத்துவிட்டு B-யில் 30 கிலோநியூட்டன் மீட்டர் கடிகாரத் திசைக் கப்பிள் வைத்தால், AB-க்குள் இரண்டு படமும் முதல் கணக்கில் வந்த அதே படம்தான். RB மட்டும் 35 ஆகிவிடும், BC-யில் ஒன்றும் இராது. கப்பிளால் எஸ்.எஃப்.டி-யில் அந்த இடத்தில் எந்தக் குதிப்பும் வராது, பி.எம்.டி மட்டும் −30-லிருந்து ஒரே செங்குத்தாகப் பூஜ்யத்துக்கு எழும். ஆகவே பரப்பளவைக் கூட்டி வரும்போது கப்பிளை விட்டுவிட்டால் படம் சரியாக அந்த 30 அளவுக்கு மூடாமல் நிற்கும். மூடாத அளவு கேள்வியில் உள்ள ஏதாவது கப்பிளோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்க்கிறேன், ஒத்துப்போகாவிட்டால்தான் ரியாக்ஷனைத் திரும்பப் போடுகிறேன். அடுத்து கப்பிளை ஸ்பானின் நடுவுக்கு நகர்த்திப் பார்க்க வேண்டும்.